போர்டு எழுத பெயிண்டருக்கு நான் எழுதிய இரண்டாவது கடிதம்

மேலூர் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயில் திருவிழாக் கமிட்டிக்கு நான் செயலாளர். போன வருடம் பெயிண்டர் அண்ணனுக்கு, "நோட்டீசில் உள்ளதை அப்படியே போர்டில் எழுதவும்" என்று மட்டும் கடிதம் கொடுத்தேன். நாலடி உயரப் பலகையில் பதினொரு வரி. ஒரு வரியின் மேல்விலங்கு மேல் வரியின் கீழ்விலங்கில் இடித்தது. ரோட்டிலிருந்து யாராலும் படிக்க முடியவில்லை. தப்பு என் கடிதத்தில்தான்.

இந்த வருடம் முதலில் தூரத்தை அளந்தேன்: ரோட்டிலிருந்து 40 அடி. பத்தடிக்கு ஓர் அங்குலம் என்று வைத்தால் எழுத்து 4 அங்குலம் வேண்டும். தமிழில் எழுத்துக்கு மேலே இகர விலங்கு, புள்ளி, கீழே உகர விலங்கு எல்லாம் இருப்பதால் வரிக்கு 8 அங்குலம் விட வேண்டும். ஓரம் போக மிஞ்சுவது 42 அங்குலம், ஐந்தே வரி. அதனால் இப்படி எழுதினேன்:

"அண்ணே, வணக்கம். மஞ்சள் தரை, சிவப்பு எழுத்து, எனாமல். கோயில் பெயர், காப்புக் கட்டு, பொங்கல், முளைப்பாரி, கமிட்டி, இந்த ஐந்து வரி போதும். தேதி வரும் இடத்தில் மட்டும் கரும்பலகை பெயிண்ட் அடித்து விடுங்கள், வருடாவருடம் சாக்பீசில் எழுதிக்கொள்கிறோம். 'முளைப்பாரி'யில் ளை, ழை அல்ல. முதலில் சாக்பீசில் கோடு போட்டுக் காட்டுங்கள், பார்த்த பிறகு பிரஷ் வையுங்கள்."

சாக்பீசில் பார்த்தபோதே கமிட்டி வரி நீளமாக இருந்தது தெரிந்தது. 'விழாக் கமிட்டியார்' என்று சுருக்கினோம். இப்போது பஸ்ஸிலிருந்தே படிக்கிறார்கள்.