கார்போக உருளைக்கு முன்: சுண்ணாம்பும் அடியுரமும் ஒரே நாளில் வேண்டாம்

கார்போகத்துக்கு விதை உருளை கேட்டு என் கடைக்கு வர ஆரம்பித்துவிட்டீர்கள். ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும் என்று மட்டும் கேட்காதீர்கள். அது மழையின் கையிலும் உங்கள் மண்ணின் கையிலும் இருக்கிறது. வருஷா வருஷம் காசு வீணாகும் சில இடங்களைச் சொல்கிறேன்.

முதலில் சுண்ணாம்பு. நம்ம நீலகிரி மண் பெரும்பாலும் புளிப்பு மண், அதனால் சுண்ணாம்பு போட்டே தீர வேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. கோஸுக்கு அது சரி. வேர் வீங்கிப் போகும் நோய் அதனால் குறையும். உருளை அப்படியில்லை, புளிப்பைத் தாங்கும் பயிர். பி.எச். 5.2 இருக்கும் ஒரு வயல் என்று வையுங்கள். பக்கத்துத் தோட்டக்காரர் கோஸுக்குப் போட்டதைப் பார்த்து நீங்களும் அள்ளிக் கொட்டினால் பி.எச். 6-ஐத் தாண்டலாம். அப்போது கிழங்கின் தோலில் சொரசொரவென்று தக்கை மாதிரிப் புண் வரும், அதுதான் சொறி நோய். சமைக்க ஒன்றும் ஆகாது, ஆனால் மேட்டுப்பாளையம் மண்டியில் விலை இறங்கிவிடும். ஆகவே மண்ணைப் பரிசோதித்த பிறகு சுண்ணாம்பு மூட்டை வாங்குங்கள். உருளைக்குப் பிறகு கோஸ் போடுவதாக இருந்தால், சுண்ணாம்பை அந்தப் போகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது வியாபாரம் குறையும், பரவாயில்லை.

சுண்ணாம்பு தேவைதான் என்று ரிப்போர்ட் சொன்னால், நடவுக்கு 2-3 வாரம் முன்பே போட்டு மண்ணில் கலந்துவிடுங்கள். ஆள் கூலி மிச்சம் என்று அதே நாளில் டி.ஏ.பி.யோடு சேர்த்து வீசுபவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் மூக்கைத் துளைக்கும் காரவாடை வரும். அது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போவது. மணிச்சத்தும் சுண்ணாம்போடு பிடித்துக்கொண்டு பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

டி.ஏ.பி.யை வயல் முழுக்க வீசுவதும் வீண்தான். புளிப்பு மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாரில் வரிசையாகப் போட்டு, மேலே இரண்டு விரல் மண் தள்ளி, அப்புறம் விதையை வையுங்கள். உரம் முளையைத் தொட்டால் முளை கருகும். தழைச்சத்து முழுவதையும் அடியுரமாகவே கொட்ட வேண்டாம். பாதியை வைத்திருந்து, ஏறக்குறைய 30-ம் நாள் மண் அணைக்கும்போது கொடுங்கள். நல்ல மழை அடிக்கும் நாளில் போட்டால் சரிவில் இறங்கிப் பள்ளத்துக்குப் போய்விடும்.

விதைக்கு ஒரு சோதனை. மூட்டைக்கு நாலைந்து கிழங்கை நறுக்கிப் பாருங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்து, அமுக்கினால் வெள்ளையாகப் பால் மாதிரிக் கசிந்தால் வாடல் நோய். அந்த மூட்டையைத் தொடாதீர்கள், என் கடை மூட்டையாக இருந்தாலும் சரி. நறுக்கிய கத்தியைச் சுடுநீரில் கொதிக்கவிட்டுத்தான் அடுத்த கிழங்கைத் தொட வேண்டும். நடவுக்குக் கிழங்கை முழுசாகவே வையுங்கள். ஈர மண்ணில் வெட்டிய துண்டு அழுகும், கத்தியோடு நோயும் பரவும். இருட்டறையில் நீளமாக வெளுத்து வந்த முளை கை பட்டாலே ஒடியும். வெளிச்சம் படும் நிழலில் பரப்பிவைத்துக் குட்டையான, தடித்த முளை வந்ததும் நடுங்கள்.