எயார்வே பில்லில் யார் பெயர்? புதிதாக உடுப்பு ஏற்றுமதி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருதமுனை, காத்தான்குடி பக்கம் கைத்தறித் துணியை வைத்து சேர்ட்டும் குர்தாவும் தைத்து, இணையம் வழியாகவே வெளிநாட்டில் பையர் பிடிக்கிற இளைஞர்கள் இப்போது கூடிவிட்டார்கள். நல்ல தையல், நல்ல நிறம். ஆனால் பெட்டி கட்டும் நேரத்தில் ஆளாளுக்கு ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். வரி இலக்கம் எடுப்பது, கஸ்டம்ஸில் ஏற்றுமதியாளராகப் பதிவது, சுங்கப் பிரகடனத்தை முகவரைக் கொண்டு போடுவது எல்லாம் எப்படியோ நடந்துவிடும். அது இல்லாமல் பெட்டி கொழும்பைத் தாண்டாது என்பதால் யாராவது சொல்லித் தந்துவிடுவார்கள். பெட்டி போன பிறகு கடிக்கிற பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மாதிரிக்கு விலை பூச்சியம் என்று எழுதுவது

"பையரிடம் காசு வாங்கவில்லையே, பிறகு என்ன விலை?" என்று கேட்கிறார்கள். இன்வாய்ஸில் உள்ள விலை கஸ்டம்ஸுக்கு. இரண்டு சேர்ட் என்றால் அவற்றின் நியாயமான பெறுமதியை எழுதி, விற்பனைக்கல்ல, மாதிரி என்றும் குறிப்பிடுங்கள். பூச்சியம் போட்டால் அந்தப் பக்கத்து அதிகாரி தன் இஷ்டத்துக்கு ஒரு விலையைப் போடுவார், அல்லது கூரியர்காரர் விளக்கம் கேட்டுப் பொதியை நிறுத்தி வைப்பார்.

அனுப்பும் மாதிரியைப் போலவே இன்னொன்றைத் தைத்து, பையர் சரி சொன்ன திகதியைத் துண்டில் எழுதி, அலமாரியில் வையுங்கள். பல்க் ஆக முழு ஓடரும் போன பிறகு "நிறம் வேறு" என்று சண்டை வந்தால் கையில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

கன்சைனி கட்டத்துக்குள் பையரின் பெயரைப் போடுவது

கன்சைனி என்றால் அந்தப் பக்கத்தில் சரக்கைப் பெறுபவர். இந்தப் பிழையைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். எத்தனை தரம் சொன்னாலும் திரும்பத் திரும்ப நடக்கிறது, எனக்கும் எரிச்சல் தீரவில்லை.

தெரிந்த ஒரு தம்பியின் கதை. ஜெர்மனிக்கு 400 கைத்தறி சேர்ட், ஒன்று 11 டொலர், மொத்தம் 4,400 டொலர். 30 வீதம் முற்பணமாக 1,320 டொலர் வந்துவிட்டது. மீதி 3,080 டொலரை வங்கி மூலம் பத்திரத்துக்கு எதிராக வாங்குவதாகப் பேச்சு. அதாவது இன்வாய்ஸ், எந்தப் பெட்டியில் என்ன என்று சொல்லும் பெக்கிங் லிஸ்ட், சரக்குப் பத்திரம் எல்லாம் இங்குள்ள வங்கி வழியாக ஜெர்மன் வங்கிக்குப் போகும். பையர் அங்கே பணத்தைக் கட்டினால்தான் பத்திரம் கைக்கு வரும், பத்திரம் இருந்தால்தான் சரக்கு. நல்ல ஏற்பாடுதான், கப்பலில் போயிருந்தால்.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. சாயம் போட்ட நூல் காயவில்லை, தறி நின்றது, திகதி தவறும் போல் ஆனது. தம்பி கடைசி நேரத்தில் கப்பலை விட்டுவிட்டு, சொந்தச் செலவில் கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் அனுப்பினார். கன்சைனி யார் என்று, சரக்கை அனுப்பித் தரும் முகவரான போர்வர்டர் வட்ஸ்அப்பில் கேட்டபோது, இன்வாய்ஸில் இருந்த பையரின் பெயரையும் விலாசத்தையும் அப்படியே அனுப்பிவிட்டார்.

கப்பலுக்கான பில் ஒஃப் லேடிங் சரக்கின் உரிமைப் பத்திரமாக நிற்கக் கூடியது. ஒரிஜினலைக் கொண்டுவராதவருக்குச் சரக்குக் கிடையாது. விமானத்துக்கான எயார்வே பில் அப்படியல்ல, அது சரக்கை ஏற்றியதற்கான ரசீதும் ஒப்பந்தமும்தான். அதன் தலைப்பிலேயே கைமாற்ற முடியாதது என்று அச்சடித்திருக்கும். கன்சைனி என்று யார் பெயர் இருக்கிறதோ, அவர் வந்து ஆளடையாளத்தைக் காட்டினால் சரக்கைக் கொடுத்துவிடுவார்கள். வங்கியில் பணம் கட்டினாரா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

அப்படியே நடந்தது. வங்கிப் பத்திரங்கள் ஜெர்மனிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே சேர்ட் பையரின் களஞ்சியத்தில். அதற்குப் பிறகு அவர் ஏன் வங்கிக்குப் போகிறார்? முதலில் பதில் இல்லை, பிறகு "சாயம் போகிறது, விலையைக் குறையுங்கள்" என்று மின்னஞ்சல். போதாததற்கு, ஏற்றுமதி செய்த 180 நாளுக்குள் பணம் நாட்டுக்குள் வர வேண்டும் என்பது மத்திய வங்கி விதி. இங்குள்ள வங்கியும் கேட்கத் தொடங்கியது. கடைசியில் தம்பி பாதி மீதியை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

விமானத்தில் போவதாக இருந்தால் இரண்டே வழிதான். ஒன்று, பெட்டி புறப்பட முன்னரே முழுப் பணத்தையும் வாங்குவது. சின்ன ஓடருக்கு இதுதான் தலைவலி இல்லாதது. மற்றது, கன்சைனியாகப் பையரின் வங்கியைப் போட்டு, பையரை, சரக்கு வந்ததும் அறிவிக்கப்படும் நோட்டிஃபை பார்ட்டி ஆக்குவது. பணம் வந்ததும் வங்கி ஒரு கடிதம் கொடுத்துச் சரக்கை விடுவிக்கும். ஆனால் அந்த வங்கி முன்கூட்டியே சம்மதித்திருக்க வேண்டும். கேட்காமல் பெயரைப் போட்டால் சரக்குக்கு வங்கி பொறுப்பெடுக்காது, பெட்டி விமான நிலையத்தில் கிடந்து வாடகை ஏறும். ஆகவே உங்கள் வங்கி மூலமாக முதலில் எழுதிக் கேளுங்கள்.

கப்பலில் போனாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பத்திரத்துக்கு எதிரான பணம் என்றால் பில் ஒஃப் லேடிங்கில் கன்சைனி இடத்தில் பெயருக்குப் பதில் 'டு ஓர்டர்', அதாவது ஒப்பமிட்டுக் கைமாற்றலாம் என்று போடச் சொல்லி, வழக்கமாக வரும் மூன்று ஒரிஜினலையும் பின்பக்கம் ஒப்பமிட்டு வங்கியில் கொடுங்கள். "அவசரம், ஒன்றை மட்டும் எனக்கு நேரே அனுப்புங்கள்" என்று பையர் கேட்பார். அனுப்பாதீர்கள், சரக்கை எடுக்க அந்த ஒன்றே போதும். கூரியர் காசு மிச்சம் என்று, ஒரிஜினல் இல்லாமலே சரக்கை விடும் டெலெக்ஸ் ரிலீஸுக்குத் தலையாட்டுவதும் இதே கதைதான்.

பில்லை வெளியிட முன்னர் போர்வர்டர் டிராஃப்ட் அனுப்புவார். அதைத் தையல் மெஷின் சத்தத்துக்குள் நின்று ஃபோன் திரையில் பார்த்து 'ஓகே' போடுவதுதான் வழக்கமாகிவிட்டது. எயார்வே பில்லில் இடதுபக்கம் மேலே அனுப்புநர், அதற்குக் கீழே கன்சைனி. அந்த இரண்டாவது கட்டத்தையாவது பெரிதாக்கிப் பாருங்கள்.

பெட்டி ஏறிய பிறகுதான் பிழை தெரிந்ததா? உடனே போர்வர்டரைப் பிடியுங்கள். சரக்குப் போய்ச் சேர்ந்து பெறுநர் அதைக் கேட்கும் வரை, அனுப்பியவர் அதை நிறுத்தவோ பெறுநரை மாற்றவோ சொல்லலாம். அதற்கு எயார்வே பில்லில் அனுப்புநருக்குரிய ஒரிஜினல் பிரதி கையில் வேண்டும். அதை ஃபைலில் போடாமல் தொலைத்தவர்களையும் கண்டிருக்கிறேன்.

பெட்டி கட்ட முன்னர் பெக்கிங் லிஸ்ட் எழுதுவது

கட்டி, தராசில் வைத்த பிறகு எழுதுங்கள்.

கொழும்பு கட்-ஒஃபை நம்பி இங்கிருந்து லொறி விடுவது

கட்-ஒஃப் என்பது சரக்கை ஏற்கும் கடைசி நேரம். அதற்கு ஒரு நாள் முந்தி விடுங்கள். மாரியில் இரண்டு நாள்.

எந்தத் துணிக்கும் ஜிஎஸ்பி பிளஸ் என்று ஒப்பமிடுவது

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் சேர்ட்டுக்கு வழமையான தீர்வை 12 வீதம். ஒன்றியம் இலங்கைக்குத் தரும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகையில் அது இல்லை, அதனால் உடுப்பு இலங்கையில் உருவானது என்ற தோற்ற உறுதிமொழியைப் பையர் கேட்பார். தறித்துணி உடுப்புக்கு அடிப்படை விதி, நெசவும் வெட்டித் தைப்பதும் இரண்டுமே இலங்கையில் நடக்க வேண்டும் என்பது. நூல் இறக்குமதியாக இருக்கலாம். மருதமுனைத் தறியில் நெய்து கல்முனையில் தைத்தால் பிரச்சினை இல்லை. ஓடர் பெரிதானதும் கொழும்பில் சீனத் துணியை வாங்கித் தைத்துவிட்டு, பழைய இன்வாய்ஸில் இருந்த அதே வசனத்தைக் கொப்பி பண்ணுகிறார்கள். பின்னர் சோதனை வந்தால் தீர்வையைக் கட்டுவது பையர், கட்டிய காசுக்கு அவர் வருவது உங்களிடம்.

சலுகைக்குரிய சரக்கின் பெறுமதி 6,000 யூரோவைத் தாண்டாவிட்டால் உறுதிமொழியை இன்வாய்ஸிலேயே எழுதலாம். தாண்டினால் ஏற்றுமதியாளரைப் பதியும் ரெக்ஸ் முறையில் எடுத்த இலக்கம் வேண்டும். பதிவு இழுபட்டால் அவசரத்துக்கு இல்லாத இலக்கத்தைப் போட வேண்டாம். சரக்குப் போன பிறகும் உறுதிமொழி எழுதிக் கொடுக்க வழி இருக்கிறது, இறக்குமதியாகி இரண்டு ஆண்டுக்குள் பையர் அதைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள்.