பணம் வேண்டாம், படிவம் வேண்டும்

பிரிட்டனில் குழந்தைக்காக வேலையை விட்டவரா? குழந்தைகளுக்கு அரசு தரும் உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட்டுக்கான விண்ணப்பத்தை வீட்டில் இருப்பவர் பெயரிலேயே போடுங்கள். துணைவரின் ஆண்டு வருமானம் 80,000 பவுண்டைத் தாண்டி, கிடைக்கும் தொகை முழுவதும் வரியாகத் திரும்பிப் போய்விடும் என்றாலும் போடுங்கள். பணம் வேண்டாம் என்று அதிலேயே குறித்துவிடலாம்.

காரணம், அந்த விண்ணப்பம்தான் குழந்தைக்கு 12 வயதாகும்வரை அரசு ஓய்வூதியத்துக்கு அடிப்படையான உங்கள் நேஷனல் இன்ஷூரன்ஸ் கணக்கில் ஆண்டுகளை வரவாகச் சேர்க்கிறது. முழு அரசு ஓய்வூதியத்துக்குப் பொதுவாக 35 ஆண்டுகள் தேவை. 2025-26இல் அது வாரம் 230.25 பவுண்டு, ஓராண்டு விடுபட்டால் வாரத்துக்கு ஏறத்தாழ 6.58 பவுண்டு குறையும். ஆறு ஆண்டு வீட்டில் இருந்து, பிறகும் அதை ஈடுகட்டாதவருக்கு இழப்பு வாரம் 39 பவுண்டுக்கு மேல், அதுவும் ஆயுள் முழுக்க.

பலர் சறுக்குவது பெயரில்தான். சம்பாதிப்பவர் பெயரில் விண்ணப்பித்தால், ஏற்கெனவே பங்களிப்புச் செலுத்துபவருக்கே வரவு போய் வீணாகிறது. அப்படி ஆகியிருந்தால் CF411A படிவத்தில் வரவை மாற்றக் கேளுங்கள்.

35 ஆண்டுகளை ஏற்கெனவே நிறைவு செய்தவருக்குப் பொதுவாக இதனால் ஓய்வூதியம் கூடாது. முதிய பெற்றோரைக் கவனிப்பவருக்கும் இந்த வழி பொருந்தாது. வாரம் 20 மணி நேரமாவது பராமரித்தால் கேரர்ஸ் கிரெடிட் என்ற தனி வரவு உண்டு.