வெங்காயப் பரிசோதனையில் வளையி பொருத்தும்போது விடும் பிழைகள்

யாழ்ப்பாணத்தில் கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்மண்ணில் சின்ன வெங்காயத்துக்கு நைதரசன் எவ்வளவு போட வேண்டும் என்று பார்க்கிறோம். ஹெக்டேயருக்கு 0, 30, 60, 90, 120 கிலோ என ஐந்து அளவுகள். சராசரி விளைச்சல் முறையே 9, 13, 16, 17, 15 தொன் என்று வைத்துக்கொள்வோம். இவை கணக்கு விளங்குவதற்காக எடுத்த எண்கள். விளைச்சல் ஏறிப் பிறகு இறங்குவதால் நேர்கோடு பொருந்தாது. நைதரசன் அளவை x என்று வைத்தால், x, x², x³ மூன்றையும் சேர்க்கத்தான் கை போகும்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. இந்த ஐந்து அளவுகளில் x-க்கும் x²-க்கும் இடையிலான இணைபுக் குணகம் 0.96, x²-க்கும் x³-க்கும் இடையில் 0.99. மூன்றும் ஏறக்குறைய ஒரே செய்தியைச் சொல்வதால் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கால் பிரிக்க முடியாது. x மட்டும் இருக்கையில் அதன் குணகம் 0.053. x² சேர்ந்ததும் 0.187. x³-உம் வந்ததும் 0.139. பயிர் மாறவில்லை, தரவு மாறவில்லை, குணகம் மட்டும் ஆடுகிறது. இந்த மூன்றில் ஒன்றை எடுத்து “ஒரு கிலோ நைதரசனுக்கு இவ்வளவு விளைச்சல்” என்று அறிக்கையில் எழுதுவதுதான் முதற்பிழை.

அடுத்தது, சராசரியைக் கழித்துவிட்டால் போதும் என்று நம்புவது. x-இலிருந்து 60-ஐக் கழித்து 30-ஆல் வகுத்தால் −2, −1, 0, 1, 2 வரும். இப்போது முதற்படிக்கும் வர்க்கத்துக்கும் இணைபு பூச்சியம். ஆனால் முதற்படிக்கும் கனத்துக்கும் இடையில் இன்னும் 0.94 இருக்கிறது. வர்க்கத்தோடு நிற்பவருக்கு, அளவுகள் சமதூரத்தில் இருந்தால், இது போதும். கனம் வரை போகிறவருக்குப் போதாது.

இந்தச் சிக்கலுக்கு வழி நிமிர்கோணப் பல்லுறுப்பி. அது, ஒவ்வொரு படியிலிருந்தும் அதற்குக் கீழுள்ள படிகள் ஏற்கெனவே சொல்லிவிட்டதைக் கழித்து எஞ்சியதை மட்டும் வைத்துக்கொள்வது. சமதூரமான ஐந்து அளவுகளுக்கு அது இப்படி வரும்:

முதற்படி: −2, −1, 0, 1, 2
இரண்டாம் படி: 2, −1, −2, −1, 2
மூன்றாம் படி: −1, 2, 0, −2, 1

எந்த இரண்டு வரிசையை எடுத்து ஒத்த எண்களைப் பெருக்கிக் கூட்டினாலும் பூச்சியம்தான். விளைச்சலோடு பெருக்கிக் கூட்டினால் முறையே 16, −14, −2. அதே வரிசை எண்களின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் (10, 14, 10) வகுத்தால் குணகங்கள் 1.6, −1, −0.2. மூன்றாம் படியைச் சேர்த்தாலும் விட்டாலும் 1.6 அப்படியே 1.6-தான். விளைச்சலின் மொத்த விலகல் வர்க்கம் 40. அதில் நேர்கோட்டின் பங்கு 25.6, வளைவின் பங்கு 14, மூன்றாம் படிக்கு வெறும் 0.4. வளைவு தேவை, மூன்றாம் படி வேண்டாம் என்பது ஒரே பார்வையில் தெரிகிறது.

அதிகம் பேர் வழுக்கும் இடம் இந்த வரிசைகளைப் புத்தக அட்டவணையிலிருந்து அப்படியே எடுப்பது. அட்டவணை சமதூர அளவுகளுக்கு மட்டுமே உரியது. அளவுகள் 0, 30, 60, 120, 180 என்று இருந்தால் அது பொய் சொல்லும். சோதித்துப் பாருங்கள்: விளைச்சல் துளியும் வளையாமல் 10, 11.5, 13, 16, 19 என்று ஏறட்டும். ஒவ்வொரு கிலோவுக்கும் சரியாக 0.05 தொன். அட்டவணையின் இரண்டாம் படி வரிசையால் பெருக்கினால் 20 − 11.5 − 26 − 16 + 38 = 4.5. பூச்சியம் வரவேண்டிய இடத்தில் இல்லாத வளைவு ஒன்று முளைத்துவிட்டது. இது நடக்குமா என்பதை முன்கூட்டியே அறிய ஒரு கணக்குப் போதும்: வரிசையை விளைச்சலோடு அல்ல, உரத்தின் அளவுகளோடு பெருக்குங்கள். இங்கே 0 − 30 − 120 − 120 + 360 = 90. பூச்சியம் வரவில்லை என்றால் அந்த அட்டவணையை மூடிவிடுங்கள்.

பாத்தி அழிந்தாலும் இதே கதைதான். ஒவ்வோர் அளவுக்கும் நான்கு பாத்தி வைத்து, மாரி மழை வெள்ளத்தில் 120 கிலோப் பாத்தி ஒன்று அழுகிப்போனால், முதலிரு வரிசைகளின் பெருக்கல்களைப் பாத்தி எண்ணிக்கையால் நிறுத்துக் கூட்ட வேண்டும்: −16 + 4 + 0 − 4 + 12 = −4. நிமிர்கோணம் போய்விட்டது. இவ்விரண்டு நிலைமைகளிலும் உண்மையான x-ஐயே, பாத்திக்கு ஒரு வரியாக, கணினிக்குக் கொடுத்து வரிசைகளை அதனிடமே ஆக்கவிடுவதுதான் வழி. R என்ற புள்ளிவிவர மென்பொருளில் `poly` அதைச் செய்யும்.

ஆனால் `poly` தரும் எண்களை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். நமது முதல் தரவுக்கு அது 5.06, −3.74 என்று காட்டும். கையால் வந்த 1.6, −1 எங்கே என்று திகைக்க வேண்டாம். ஒவ்வொரு வரிசையையும் அதன் வர்க்கக் கூட்டுத்தொகை 1 ஆகுமாறு அது சுருக்குவதால் 16/√10, −14/√14 என்று வருகிறது. இவை கிலோவுக்கு இத்தனை தொன் என்ற பொருளைத் தாங்குவதில்லை.

புதிய அளவுகளுக்கு எதிர்வுகூறும்போதுதான் பெரிய விபத்து நடக்கிறது. 80, 90, 100 கிலோவுக்கு விளைச்சல் வேண்டுமென்று `poly(c(80, 90, 100), 2)` என்று தனியே எழுதி, பழைய குணகங்களால் பெருக்கினால் 80 கிலோவுக்கு 8.9 தொன் வரும். உரமே போடாத பாத்தியை விடக் குறைவு. அந்த மூன்று எண்களையே முழு உலகமாக எடுத்துக்கொண்டு 80-ஐ அடிமட்டமாகக் கருதிப் புதிய வரிசை ஆக்கியதுதான் காரணம். பொருத்திய மாதிரியிடமே கேட்க வேண்டும்:

```r
x <- c(0, 30, 60, 90, 120)
y <- c(9, 13, 16, 17, 15)
m <- lm(y ~ poly(x, 2))
predict(m, data.frame(x = c(80, 90, 100)))
```

இப்போது 16.62, 16.60, 16.36 வரும்.

வளைவு கூடுதல் நன்றாகப் பொருந்தும் என்று எதிர்பார்த்து இதற்கு வருவோரும் உண்டு. பொருந்தாது. x, x² என்று போட்டாலும் `poly` போட்டாலும் எதிர்வுகூறிய விளைச்சலும், பொருத்தத்தை அளக்கும் R²-உம் ஒன்றே. மாறுவது குணகங்களைப் பிரித்து வாசிக்க முடிகிறதா என்பதுதான். 150 கிலோவுக்கு என்ன விளையும் என்று கேட்டாலும் இரண்டும் ஒரே போல்தான் தடுமாறும், அங்கே தரவே இல்லை.

விவசாயிக்குச் சொல்ல வேண்டிய அளவுக்கு மீண்டும் x-க்கே திரும்ப வேண்டும். z = (x − 60)/30 என்றால் இரண்டாம் படி வரிசை z² − 2. ஐந்து விளைச்சல்களின் சராசரி 14. ஆகவே விளைச்சல் 14 + 1.6z − (z² − 2), அதாவது 16 + 1.6z − z². உச்சம் z = 0.8-இல், அதாவது 84 கிலோ நைதரசனில், 16.64 தொன். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் என்பதால் ஹெக்டேயருக்குச் சுமார் 183 கிலோ யூரியா. விளைச்சல் சராசரிகளில் மிகப் பெரியது 90-இல் இருந்ததே என்று அதையே சொல்லிவிட்டால் 6 கிலோ நைதரசன் வீணாகக் கூடும். பயிர் எடுக்காத நைதரேற்று சுண்ணக்கல்லூடாக இறங்குவது நாம் குடிக்கும் கிணற்றுக்குத்தான்.