கப்பலை ஒளித்து வைத்து அச்சுத்தூரம் சொல்லித் தருவது எப்படி?

பந்திங்கில் சனிக்கிழமை டியூஷனுக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து வருகிறார்கள். தமிழ்ப்பள்ளியில் அச்சுத்தூரம் படித்துவிட்டுத்தான் இடைநிலைப்பள்ளிக்குப் போகிறார்கள். ஆனால் படிவம் 2 கணிதப் புத்தகத்தில் அதே அச்சுத்தூரம் கொஓர்டினாட் பாடமாக வந்ததும் திணறுகிறார்கள். அந்தப் பாடம் இரண்டு புள்ளிகளுக்கு இடையே தூரமும் நடுப்புள்ளியும் கேட்கிறது. புள்ளியைச் சரியான இடத்தில் வைக்கவே தடுமாறும் பிள்ளைக்கு அதற்கு மேல் எதுவும் நகராது.

அதனால் வரைபடத் தாளைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் கப்பலைத் தேடும் ஆட்டத்தை விளையாட வைக்கிறேன். முதல் முறையாக வகுப்பு எடுப்பவர்களுக்காக, நான் செய்யும் வரிசையிலேயே எழுதுகிறேன். ஒன்றரை மணி நேர வகுப்புகள் இரண்டு இருந்தால் போதும்.

முதல் படி: கடல் வரைதல்

கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம், பென்சில், நடுவில் மறைப்பாக நிறுத்தி வைக்க ஒரு ஃபைல். வேறெதுவும் வேண்டாம். எதிரெதிரே இருவர் உட்காரட்டும். ஒவ்வொருவரும் இரண்டு கடல் வரைய வேண்டும். ஒன்று தன் கப்பல்களை ஒளித்து வைக்க. மற்றது எதிராளியின் கடலில் சுட்டதைக் குறித்து வைக்க.

கடைகளில் விற்கும் கப்பல் ஆட்டத்தில் ஒரு பக்கம் எழுத்தும் மறுபக்கம் எண்ணும் இருக்கும், கப்பல் கட்டத்துக்குள் இருக்கும். 1967-இல் பிளாஸ்டிக் பெட்டியாக வந்ததிலிருந்து பலர் அப்படித்தான் விளையாடியிருக்கிறார்கள். நம் பாடத்துக்கு அது இரண்டு வகையில் ஒத்துவராது. B4 என்றாலும் 4B என்றாலும் ஒரே இடம்தான், எனவே வரிசை முக்கியம் என்பதைப் பிள்ளை உணரவே மாட்டான். இன்னொன்று, கட்டத்துக்குப் பெயர் வைத்துப் பழகியவன் பிறகு புள்ளியையும் கட்டத்துக்கு நடுவில் வைப்பான். கணிதத்தில் புள்ளி இருப்பது கோடுகள் வெட்டும் இடத்தில்.

ஆகவே இரண்டு பக்கமும் எண்களே இருக்கட்டும். படுக்கையாக ஏழு கோடு, நெடுக்காக ஏழு கோடு. எண்கள் 0 முதல் 6 வரை. ஒவ்வோர் எண்ணும் கோட்டின் நேர் முனையில் இருக்க வேண்டும், இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கக் கூடாது. இதை ஒவ்வொரு புத்தகமாகப் போய்ப் பாருங்கள். இங்கே விட்டால் ஆட்டம் முழுக்கக் கோணலாகிவிடும்.

தோட்டத்துப் பிள்ளைகள் சில சமயம், "டீச்சர், செம்பனை நட்டிருக்கிற மாதிரி வரையலாமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் செம்பனையை முக்கோண அமைப்பில் நடுவார்கள். ஒரு வரிசை மரம் அடுத்த வரிசையின் இடைவெளிக்கு நேராக நிற்கும். கோடுகள் செங்குத்தாக வெட்டாது. நமக்கு வேண்டியது செங்குத்தாக வெட்டும் கோடுகள்.

கப்பல்கள் மூன்று: நான்கு புள்ளிக் கப்பல் ஒன்று, மூன்று புள்ளி ஒன்று, இரண்டு புள்ளி ஒன்று. கோடுகள் வெட்டும் இடங்களில் புள்ளி வைத்துச் சேர்க்க வேண்டும். படுக்கையாகவோ நெடுக்காகவோ மட்டும். மொத்தம் 49 இடங்களில் ஒன்பதில் கப்பல் இருக்கும்.

இரண்டாம் படி: விதியைச் சொல்லாமல் விளையாட விடுதல்

ஒருவர் இரண்டு எண்கள் சொல்வார். எதிராளி "பட்டது", "படவில்லை", கப்பலின் எல்லாப் புள்ளியும் போய்விட்டால் "மூழ்கியது" என்று பதில் சொல்வார். எந்த எண் முதலில் என்பதை மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடத்துக்குள் சண்டை வரும். ஒருவன் "ரெண்டு, அஞ்சு" என்கிறான். எதிரே இருப்பவன் மேலே இரண்டு, பக்கவாட்டில் ஐந்து என்று எண்ணிப் பார்த்து "பட்டுடுச்சு" என்கிறான். சுட்டவன் தன் தாளில் பக்கவாட்டில் இரண்டு, மேலே ஐந்து என்று எண்ணி அங்கே பெருக்கல் குறி போடுகிறான். அடுத்து அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிச் சுடுகிறான், ஒன்றும் மாட்டவில்லை. கடைசியில் ஃபைலை எடுத்துவிட்டுப் பார்க்கிறார்கள்.

"டேய், இங்க கப்பலே இல்ல! ஏன்டா பட்டுடுச்சுன்னு சொன்ன?"

"நீ ரெண்டு, அஞ்சுன்னுதானே சொன்ன? இதோ இருக்கு பாரு!"

இருவர் சொன்னதும் சரி. இந்த இடத்தில் எல்லாரையும் நிறுத்தி, இரண்டு தாள்களையும் வெண்பலகைப் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள். ஒரே எண்கள், இரண்டு இடங்கள். "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டால் பிள்ளைகளே ஒரு வரிசை வேண்டும் என்பார்கள். சில வகுப்பில் மேலே போவதை முதலில் வைக்கலாம் என்று வாக்கு விழும். அதிலும் தவறில்லை, ஆனால் கணிதப் புத்தகங்கள் எல்லாம் பக்கவாட்டை முதலில் வைக்கின்றன, நாமும் அதையே பின்பற்றுவோம் என்று சொல்லிவிடுங்கள். நான் "முதலில் நட, அப்புறம் ஏறு" என்று சொல்லித் தருகிறேன். எழுதும்போது அடைப்புக்குறியும் காற்புள்ளியும் போட்டு (2, 5).

இனி ஒரு கட்டாயம்: சுடுவதற்கு முன் இடத்தைத் தாளில் எழுத வேண்டும், பிறகுதான் வாயால் சொல்ல வேண்டும். சண்டை வந்தால் அந்தப் பட்டியல் தீர்த்துவைக்கும். யார் எண்களை மாற்றிப் போடுகிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: ஓர் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தல்

ஓர் ஆட்டத்தைப் பலகையில் எழுதி எல்லாரும் சேர்ந்து யோசியுங்கள். உதாரணமாக இது. (2, 5) படவில்லை. (4, 1) பட்டது. அடுத்து எங்கே சுடலாம்? கப்பல் படுக்கையாக இருந்தால் (3, 1) அல்லது (5, 1). நெடுக்காக இருந்தால் (4, 0) அல்லது (4, 2). நான்கே இடங்கள்.

(5, 1) படவில்லை. (4, 2) பட்டது. (4, 3) பட்டது, ஆனால் "மூழ்கியது" என்று சொல்லவில்லை.

இங்கே நிறுத்திக் கேளுங்கள்: பட்ட மூன்றிலும் மாறாத எண் எது? 4. அப்படியானால் கப்பல் எப்படி நிற்கிறது? நெடுக்காக. முதல் எண் மாறாமல் இரண்டாவது மட்டும் மாறினால் நெடுக்குக் கோடு என்பதைப் பிள்ளைகள் தேவைக்காகக் கண்டுபிடிக்கிறார்கள். பின்னால் x = 4 என்ற கோட்டை வரையச் சொல்லும்போது இது கைகொடுக்கும். மூன்று பட்டும் மூழ்காததால் இது நான்கு புள்ளிக் கப்பல்தான். மீதி ஒரு புள்ளி (4, 4) அல்லது (4, 0).

அந்தப் பையன் (4, 4)-ஐச் சுட்டான், படவில்லை. (4, 0) மூழ்கியது.

பூஜ்யக் கோட்டைப் பெரும்பாலான பிள்ளைகள் கடலாகவே எண்ணுவதில்லை. அதை வெறும் ஓரம் என்று நினைத்து அங்கே சுடவே மாட்டார்கள். ஓர் ஆட்டத்திலாவது ஓரத்தில் கப்பல் வைக்கும்படி தனியாக யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

நான்காம் படி: கடலை நான்காக விரித்தல்

இரண்டாம் வகுப்பில் பூஜ்யத்தை மூலையிலிருந்து நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கமும் –4 முதல் 4 வரை. ஒவ்வொரு கால்பகுதியிலும் ஒரு கப்பல். இப்போது குறியைச் சொல்லாமல் "2, 3" என்று சுட்டால் எதிராளி "எந்த 2?" என்று கேட்பான். (2, 3), (–2, 3), (–2, –3), (2, –3) நான்கும் தனித்தனி இடங்கள். நடப்பது இடப்பக்கமாகவும் இருக்கலாம், ஏறுவது இறங்குவதாகவும் இருக்கலாம். வரிசை மட்டும் மாறாது.

கவனிக்க வேண்டிய பிழை ஒன்று உண்டு. சிலர் பூஜ்யத்துக்கு இடப்பக்கத்தில் –4 என்று தொடங்கி ஓரத்தில் –1 என்று முடிப்பார்கள். எண்கள் இடமிருந்து வலம் ஏறிக்கொண்டே போக வேண்டும் என்று சொல்லி, பென்சிலால் வாசித்துக் காட்டச் சொன்னால் அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

ஐந்தாம் படி: புள்ளி வைத்தல்

இப்போதுதான் பெயர்கள். படுக்கைக் கோடு x-அச்சு, நெடுக்குக் கோடு y-அச்சு, இரண்டும் வெட்டும் இடம் ஆதிப்புள்ளி. பள்ளியில் பக்சி-x, பக்சி-y, அசாலான் என்று கேட்பார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதிப் போடுங்கள்.

பயிற்சிக்கு நான் கொடுப்பது ஒரு பாய்மரக் கப்பல். கீழ்ப்பாகம்: (–3, 0), (–2, –2), (2, –2), (3, 0) என்று வரிசையாகச் சேர்த்து மீண்டும் (–3, 0). கம்பம்: (0, 0) முதல் (0, 4). பாய்: (0, 4), (2, 1), (0, 1).

இந்தப் புள்ளிகளை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்திருக்கிறேன். (3, 3) போன்ற புள்ளி கொடுத்தால் வரிசையை மாற்றினாலும் சரியாகவே விழும், பிழை தெரியாது. இந்தக் கப்பலில் பிழை தானாக முகத்தைக் காட்டும். கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கம்பம் வலப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால், பிள்ளை ஏறிவிட்டு நடந்திருக்கிறான். கீழ்ப்பாகம் காணாமல் போய் வலப்பக்கத்தில் ஒற்றைக் கோடாகச் சுருங்கிவிட்டால், கழித்தல் குறியை விட்டிருக்கிறான். கப்பல் வடிவாக வந்து, மேல் விளிம்பு ஆறு கட்டத்துக்குப் பதில் நான்கு கட்டமே இருந்தால், ஆதிப்புள்ளியை ஒன்று என்று எண்ணத் தொடங்கியிருக்கிறான். எல்லாத் தாளையும் ஒரு பார்வையில் திருத்திவிடலாம். என்ன பிழை என்று நீங்கள் சொல்ல வேண்டாம், கப்பலைக் காட்டி, "இது ஏன் படுத்திருக்கு?" என்று மட்டும் கேளுங்கள்.

ஆட்டம் விட்டுச்செல்லும் ஒரு பிழை

இந்த ஆட்டத்தால் ஒரு கெட்ட பழக்கமும் வரும். (4, 0) முதல் (4, 3) வரை நின்ற கப்பலை "நாலு" என்றே சொல்லிப் பழகியிருப்பார்கள். அதன் நீளம் கேட்டால் 4 என்பார்கள். நான்கு புள்ளிகள்தான், ஆனால் இடையில் இருப்பவை மூன்று இடைவெளிகள். தூரம் 3 அலகு. தூரப் பாடத்துக்குப் போகும் முன் இதைக் கட்டாயம் பிரித்துக் காட்டுங்கள். பென்சில் முனையை (4, 0)-இல் வைத்து (4, 3) வரை ஒவ்வொரு தாவலாக எண்ணச் சொன்னால் போதும்.

பிறகு அதே பாய்மரக் கப்பலில் கேள்விகளைத் தொடருங்கள். மேல் விளிம்பு –3 முதல் 3 வரை, 6 அலகு. அதன் நடுப்புள்ளி (0, 0), கம்பம் நிற்கும் இடம். கீழ் விளிம்பு 4 அலகு. பாயின் சரிந்த விளிம்பு (0, 4) முதல் (2, 1) வரை: பக்கவாட்டில் 2, கீழே 3. பித்தாகரஸ் தேற்றம் படிவம் 1-இலேயே படித்திருப்பதால் 4 + 9 = 13, தூரம் √13 அலகு என்று வந்துவிடுவார்கள். கீழ்ப்பாகத்தின் இரண்டு சரிந்த பக்கங்களை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். இரண்டுக்கும் √5 வர வேண்டும்.