சம்பளத்தில் ஈ.பி.எஃப். வெட்டுகிறார்கள், ஆனால் கட்டுகிறார்களா? பார்ப்பதும் முறையிடுவதும்

வவுனியா, கிளிநொச்சி, மாங்குளம் பக்கம் கடைகளிலும் அரிசி ஆலைகளிலும் தையல் நிறுவனங்களிலும் வேலை செய்யும் பலருக்குச் சம்பளச் சிட்டையில் ‘ஈ.பி.எஃப்.’ என்று ஒரு வெட்டு இருக்கும். அந்தக் காசு உண்மையில் ஊழியர் சேமலாப நிதிக்குப் போனதா என்று பெரும்பாலும் வேலையை விடும்போதுதான் தேடிப் பார்ப்பார்கள். அதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

1. உங்களுக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி உங்கள் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம். இது தவிர ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, அதாவது ஈ.டி.எஃப்., என்று 3 சதவீதம் இருக்கிறது. அது முழுக்க முதலாளியின் காசு. 12ஐயும் 3ஐயும் உங்கள் சம்பளத்தில் இருந்து கழிக்கவே கூடாது.

கவிதா என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கிளிநொச்சியில் ஒரு ஹாட்வெயார் கடையில் கணக்குப் பார்க்கிறார். அடிப்படைச் சம்பளம் 40,000 ரூபாய், சாப்பாட்டுக் கொடுப்பனவு 5,000, ஓ.டி. 6,000. ஓ.டி. இந்தக் கணக்கில் சேராது, சாப்பாட்டுக் கொடுப்பனவு சேரும். ஆகவே கணக்குப் பார்க்க வேண்டிய தொகை 45,000. அதில் 8 சதவீதம் 3,600, 12 சதவீதம் 5,400. மாதம் 9,000 ரூபாய் அவருடைய கணக்குக்குப் போக வேண்டும். ஈ.டி.எஃப். 1,350 தனி.

சில முதலாளிகள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்து, அதுவும் குறைத்துக் காட்டி, கட்டுவார்கள். கவிதாவுக்கு 30,000 என்று காட்டினால் 6,000தான் போகும். மாதம் 3,000 குறையும். பணம் போய்க்கொண்டுதான் இருக்கிறது என்பதால் இதைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் எத்தனை மாதம் கட்டினார்கள் என்பதோடு, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு கட்டினார்கள் என்றும் பாருங்கள்.

‘நீர் தற்காலிகம்தானே’, ‘நாள் சம்பளத்துக்கு ஈ.பி.எஃப். இல்லை’, ‘ஆறு மாதம் பயிற்சி முடியட்டும்’ என்பவை எங்கள் பக்கம் அதிகம் கேட்கும் வசனங்கள். எதுவும் செல்லாது. நாள் கூலி, துண்டு வேலை, தற்காலிகம் எல்லாம் வேலையில் சேர்ந்த நாளில் இருந்தே இந்தச் சட்டத்துக்குள் வரும். ஒரேயொரு ஆள் வேலை செய்யும் கடைக்கும் இதே விதிதான். வீட்டு வேலை, சொந்தக் குடும்பத்தார் மட்டும் நடத்தும் தொழில் போன்ற சில விலக்குகள் உண்டு.

2. கணக்குக் கூற்றை எடுங்கள்

தேசிய அடையாள அட்டையையும் உறுப்பினர் இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். இந்த நிதியைப் பராமரிக்கும் மத்திய வங்கிக்குக் கிளிநொச்சியில் பிராந்திய அலுவலகம் இருப்பதால், வன்னி ஆட்கள் இதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. epf.lk தளத்திலும் கணக்கைப் பார்க்கும் வசதி உண்டு. அதற்கு முதலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். உறுப்பினர் இலக்கம் சம்பளச் சிட்டையில் இருக்கும். இல்லாவிட்டால் கடையில் கேளுங்கள். ‘இலக்கம் இன்னும் வரவில்லை’ என்று மாதக்கணக்காகச் சொன்னால், உங்களைப் பதிவே செய்யவில்லையோ என்று சந்தேகப்படலாம்.

ஒரு மாதச் சம்பளத்துக்கான பங்களிப்பை அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் கட்ட வேண்டும். ஒக்டோபர்ச் சம்பளத்துக்கு நவம்பர் முடிவு வரை நேரம் இருக்கிறது. கட்டிய பிறகும் கணக்கில் ஏறக் கொஞ்ச நாள் பிடிக்கும். ஆகவே கடைசி ஓரிரு மாதம் காணவில்லை என்றவுடன் சண்டைக்குப் போகாதீர்கள்.

கவிதா ஜனவரியில் சேர்ந்தார், டிசம்பர் கடைசியில் கணக்குக் கூற்றை எடுத்தார் என்று வையுங்கள். ஏப்ரல் வரைதான் பணம் இருக்கிறது. நவம்பரை விட்டுவிடலாம். மே தொடக்கம் ஒக்டோபர் வரை ஆறு மாதம், 9,000 வீதம் 54,000 ரூபாய் குறைகிறது. அதில் 21,600 அவருடைய சம்பளத்தில் இருந்தே வெட்டிய காசு.

3. கட்டவில்லையா, வேறு கணக்குக்குப் போனதா?

முறையிட முன் இதைப் பிரித்தறிய வேண்டும். வன்னியில் இடம்பெயர்வில் அடையாள அட்டையைத் தொலைத்து மறுபடி எடுத்தவர்கள் நிறையப் பேர். பழைய ஒன்பது இலக்க எண், புதிய பன்னிரண்டு இலக்க எண், ஆங்கிலத்தில் ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக எழுதிய பெயர் என்று குழப்பம் உண்டு. முதலாளி ஒழுங்காகக் கட்டியும் பணம் உங்கள் பெயரில் ஏறாமல் நிற்கலாம்.

இதற்கு அந்த மாதங்களின் ‘சி’ படிவத்தைக் கேளுங்கள். மாதாமாதம் யாருக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று முதலாளி கொடுக்கும் பட்டியல் அது. உங்கள் பெயர், அடையாள அட்டை எண், உறுப்பினர் இலக்கம் மூன்றையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் திருத்தம்தான் தேவை, முறைப்பாடு அல்ல. படிவத்தையும் கட்டிய பற்றுச்சீட்டையும் காட்டவே மறுத்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

4. சான்றுகளைச் சேர்த்து முறைப்பாடு கொடுங்கள்

நியமனக் கடிதமும் சம்பளச் சிட்டைகளும் இருந்தால் நல்லது. கையில் காசாகச் சம்பளம் வாங்குபவர்களிடம் அவை இருக்காது. அப்படியென்றால் நீங்கள் கையொப்பமிட்ட வரவுப் பதிவின் படம், வங்கிப் புத்தகம், முதலாளி அனுப்பிய வட்ஸ்அப் செய்தி, உங்கள் கையெழுத்தில் உள்ள பில் புத்தகம் எல்லாம் உதவும். கூட வேலை செய்தவர்களின் சாட்சியும் உதவும். பிரச்சினை எல்லாருக்கும் என்றால் சேர்ந்து போங்கள்.

தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறையிடுங்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, சேர்ந்த திகதி, சம்பளம், காணாமற்போன மாதங்கள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வேலையை விட்ட பிறகும் முறையிடலாம். ஈ.டி.எஃப். வேறு சபையின் கீழ் வருவதால் அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

5. அப்புறம் என்ன நடக்கும்

தொழில் அலுவலர் நிறுவனத்தின் பதிவேடுகளைப் பார்த்து, இரு தரப்பையும் விசாரித்து, நிலுவையைக் கணக்கிடுவார். தாமதத்துக்கு ஏற்ப 5 முதல் 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம் முதலாளி மேல் விழும். அதை உங்களிடம் வாங்க முடியாது. அப்படியும் கட்டாவிட்டால் தொழில் திணைக்களமே நீதவான் நீதிமன்றத்துக்குப் போய், தண்டப்பணம் போல அறவிடக் கேட்கும். நீங்கள் வழக்கறிஞர் பிடிக்கத் தேவையில்லை. ஆனால் மாதங்கள் இழுபடும். கடையைப் பூட்டிவிட்டு ஆள் காணாமற்போனால் இன்னும் கடினம். ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

விசாரணை தொடங்கியதும் சில முதலாளிகள் ‘கையில் தாறன், இதை விடு’ என்பார்கள். வாங்கிக்கொண்டு ‘எல்லாம் கிடைத்தது’ என்று கையொப்பமிடாதீர்கள். அந்தப் பணம் நிதிக்குத்தான் போக வேண்டும். கையில் கொடுத்தால் அது உங்கள் கணக்கில் ஏறாது, வட்டியும் வராது.

நிலுவையைக் கட்டிவிட்டோம் என்று சொன்னால் இரண்டு மாதம் கழித்து மறுபடி கணக்குக் கூற்றை எடுங்கள். கவிதாவின் கணக்கில் மே முதல் ஒக்டோபர் வரை ஒவ்வொரு மாதத்துக்கும் 9,000 தனித்தனியாக ஏறியிருக்க வேண்டும். ஒரு மாதம் குறைந்தாலும் அதே முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லித் தொழில் அலுவலரிடம் கேளுங்கள்.