அரபுச் சொல்லில் முன்னொட்டை ஒரே தடவை வெட்டுங்கள்

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மதரஸா நூல்களுக்குத் தேடல் வசதி செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. தேடலுக்காக அரபுச் சொல்லை அடிச்சொல்லாகக் குறைக்கும்போது, முன்னொட்டுகளை நீளமானதிலிருந்து வரிசைப்படுத்தி, முதலில் பொருந்துவதை மட்டும் வெட்டி நிறுத்துங்கள். அப்புறம்தான் பின்னொட்டு. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூன்று எழுத்தாவது மிஞ்ச வேண்டும். ‘பெற்றோருக்கும்’ என்ற சொல்லைப் பாருங்கள்:

```
وبالوالدين
والدين
والد
```

முதலில் `وبال` போனது, பிறகு `ين`. வாவ், லாம், தால் என்ற வேரெழுத்துகள் மூன்றும் பத்திரம். முன்னொட்டு விதியைச் சுழற்சியில் ஓட விட்டாலோ, இரண்டாம் சுற்றில் `وال` என்பதையும் வெட்டி `دين`, அதாவது மார்க்கம், என்று ஆக்கிவிடும். மூன்றெழுத்து நிபந்தனை இதைப் பிடிக்காது, மிஞ்சுவதும் மூன்றுதானே!

`والدين` தனியாக வந்தால் ஒரே வெட்டிலேயே இது நடக்கும். ‘மார்க்கமும்’ என்றும் அதைப் படிக்கலாம் என்பதால், விதிவிலக்குப் பட்டியலில் போட்டு, வெட்டாமல் விடுவதே நல்லது.